கடை வாடகையும் சொத்து வரியும்

சென்னை மாநகராட்சியின் கணக்கில் சொத்து வரிக்குப் பொறுப்பானவர் ஒருவர்தான், கட்டடத்தின் உரிமையாளர். நோட்டீஸும் ரசீதும் அவர் பெயரில்தான் வரும். வாடகைக்கு இருப்பவர் அந்த வரியைச் சுமக்க வேண்டுமா என்பது மாநகராட்சிக்கும் அவருக்கும் உள்ள விவகாரம் அல்ல. உரிமையாளரும் வாடகைதாரரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் அதை முடிவு செய்கிறது. ஒப்பந்தம் அதைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால், வரி உரிமையாளர் தலையில்தான்.

வீட்டு வாடகையில் இந்தப் பிரச்சினை அதிகம் எழாது. வரியை மனதில் வைத்தே வாடகை பேசப்படும், பதினோரு மாதத்தில் ஒப்பந்தமும் முடிந்துவிடும். நீண்ட காலத்துக்குப் பேசப்படும் கடை ஒப்பந்தங்களில்தான் சிக்கல். ஒரு உதாரணம் பார்ப்போம். 2021 ஏப்ரலில், பழைய சென்னைப் பகுதியில் ஒரு கடை மாதம் 40,000 ரூபாய் வாடகைக்கு ஐந்து வருடத்துக்குப் பேசப்படுகிறது. அரையாண்டு வரி 10,000, அதாவது வருடத்துக்கு 20,000 ரூபாய். 'வாடகையில் சொத்து வரி அடங்கும்' என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. 2022-ல் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது பழைய மாநகராட்சி எல்லைக்குள் வணிகக் கட்டடங்களுக்கு உயர்வு 150 சதவீதம். 20,000 ரூபாய் வரி 50,000 ஆகிவிடுகிறது.

கூடுதலாக வந்த 30,000 ரூபாயை உரிமையாளர் கேட்டால், கடைக்காரர் பத்திரத்தைக் காட்டலாம். நியாயம் அவர் பக்கம்தான். அதே பத்திரத்தில் 'இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா வரிகளும் வாடகைதாரரைச் சேரும்' என்று இருந்திருந்தால் முழு 50,000 ரூபாயும் கடைக்காரர் கையிலிருந்து போயிருக்கும். ஒற்றை வாக்கியம் இப்படிப் புரட்டிப் போடுகிறது. 2024 அக்டோபரில் இன்னொரு 6 சதவீத உயர்வும் வந்ததால், இதை எப்போதாவது ஒருமுறை நடக்கும் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு பக்கமும் தாங்கக்கூடிய வழி ஒன்று உண்டு, நான் அதைத்தான் சொல்வேன். ஒப்பந்தம் போடும் நாளில் உள்ள வரித் தொகையை எண்ணாலேயே பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். அந்த அளவு வரை உரிமையாளர் பொறுப்பு. அதற்கு மேல் ஏறுவதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். பாதிப் பாதி என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன கடைக்காரர் வருடத்துக்கு 15,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பார், மாதத்துக்கு 1,250. ஒரே வரி எண்ணில் பல கடைகள் இருந்தால் சதுர அடிக் கணக்கில் பங்கு பிரித்து, அந்தச் சதுர அடிகளையும் பத்திரத்தில் போட வேண்டும். வீடாக வாங்கிய இடத்தை வாடகைதாரர் கடையாக்கி, அதனால் வரி ஏறினால், அந்த உயர்வு முழுவதும் அவருடையது என்று எழுதுவதும் நியாயமே.

வருமான வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாடகை வருமானத்திலிருந்து சொத்து வரியைக் கழிக்க வேண்டுமானால், உரிமையாளரே அதை அந்த நிதியாண்டுக்குள் கட்டியிருக்க வேண்டும். கடைக்காரர் தன் செலவில் நேரடியாக மாநகராட்சிக்குக் கட்டிய வரியை உரிமையாளர் கழித்துக் காட்ட முடியாது. ஜிஎஸ்டி பதிவு உள்ள உரிமையாளர் வரித் தொகையைக் கடைக்காரரிடம் வசூலித்தால், அது வாடகையோடு சேர்ந்ததாகவே கருதப்பட்டு அதற்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். 50,000 ரூபாய்க்கு 9,000. கடைக்காரரும் ஜிஎஸ்டி பதிவு செய்து, வரி விதிக்கப்படும் பொருளை விற்பவராக இருந்தால், பொதுவாக அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறு கடைக்காரருக்கு அது சுத்தமான செலவு.

கடைக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் வேறு. மாதா மாதம் வரியும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறார்கள், ஆனால் உரிமையாளர் மாநகராட்சிக்குக் கட்டுவதில்லை. கடைசியில் ஜப்தி எச்சரிக்கை வருவது வியாபாரம் நடக்கும் வாசலுக்கு. வரி எண்ணைப் பத்திரத்தில் குறித்து வைத்திருந்தால், மாநகராட்சி இணையதளத்தில் நிலுவையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கி ஒரு மாதம் கழித்துப் பார்ப்பது நல்லது.

நிலுவையைக் கட்டித்தான் கடையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் துணைக்கு வரும். சட்டப்படி வேறொருவர் கட்ட வேண்டிய பணத்தை, தன் நலனுக்காகக் கட்டியவர் அதைத் திரும்பப் பெறலாம் என்கிறது அதன் 69-ஆவது பிரிவு. ஜமீன்தார் கட்டாத நிலவரிக்காக ஏலத்துக்கு வந்த நிலத்தை, குத்தகைதாரர் பணம் கட்டி மீட்பதைத்தான் அந்தப் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்டுப் பெற வழக்கு வரை போக நேரலாம். 'உரிமையாளர் கட்டத் தவறினால் வாடகைதாரர் கட்டிவிட்டு, ரசீதைக் கொடுத்து அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளலாம்' என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்துவிட்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்காது.