கேன் தண்ணீர்: செலவும் சோதனையும்

கேன் தண்ணீர்த் தொழிலில் இறங்குபவர்கள் முதலில் விசாரிப்பது ஆர்.ஓ. இயந்திரத்தின் விலையை. கேன்களின் கணக்கைப் பலர் பின்னால்தான் பார்க்கிறார்கள். தினம் 100 கேன் போடுவதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் வீட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று, கழுவுமிடத்தில் ஒன்று என்று குறைந்தது 300 கேன்களாவது வேண்டும். கீறல் விழுந்தவற்றை அவ்வப்போது கழிக்கவும் வேண்டும்.

தரம் கெடுவதும் பெரும்பாலும் கேனில்தான். புற ஊதா விளக்கு தன்னைக் கடக்கும் நீரிலுள்ள கிருமியை மட்டுமே செயலிழக்கச் செய்யும். சரியாகக் கழுவாத கேனுக்குள் அதற்கு வேலையில்லை. வெயிலில் நின்ற கேனின் அடியில் பச்சை படிந்தால் அது பாசி. டி.டி.எஸ். மீட்டரை நம்பிவிடக் கூடாது. அது உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. 250 மில்லி மாதிரியில் ஈ.கோலி அறவே இருக்கக் கூடாது என்பது விதி. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதியை 2024 அக்டோபரில் நீக்கினார்கள். சோதனை தளர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அடுத்த மாதமே இந்தத் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் விற்க முடியாது. ஆழ்துளைக் கிணற்று நீரென்றால், எடுப்பதற்கான அனுமதியை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள்.