இருபது நிமிடத்தில் மாறவேண்டிய மருந்துச் சீட்டு

மாவட்ட மருத்துவமனைகளில் மதிய நேரத்தில் நடக்கும் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டத்துக்கு டாக்டர்கள் காலை ஓ.பி.யை முடித்த களைப்போடு வருவார்கள். ரத்தக் கொதிப்பு பற்றிப் பேச அங்கே கிடைப்பது இருபது நிமிடம். பேசுபவர் பெரும்பாலும் நோயின் வரையறையில் தொடங்கி, சிறுநீரகமும் ஹார்மோன்களும் அழுத்தத்தை எப்படிக் கூட்டுகின்றன என்று விளக்குவார். சிகிச்சைக்கு வரும்போது மூன்று நிமிடம்கூட மிஞ்சாது. மறுநாள் ஓ.பி.யில் எதுவும் மாறியிருக்காது.

அதனால் உரையைக் கடைசியிலிருந்து கட்ட வேண்டும். கேட்டவர் நாளைக் காலை எந்த ஒரு செயலை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ரத்தக் கொதிப்பில் அந்தச் செயல் எது என்பதை நோயாளிச் சீட்டுகளே காட்டும். அழுத்தம் 158/96 என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே ‘சி.எஸ்.டி.’, அதாவது அதே மருந்தைத் தொடரவும் என்று இருக்கும். அளவு கூடியிருப்பது தெரிந்தும் மருந்து மாறாமல் போகும் இந்த இடத்தைத்தான் உரை குறிவைக்க வேண்டும்.

முதல் ஸ்லைடில் தலைப்பு மட்டும். இரண்டாவதில் ஒரு நோயாளி: 54 வயதுப் பெண், மூன்று மாதமாக ஆம்லோடிபின் 5 மில்லிகிராம், இன்று 158/96. ‘என்ன எழுதுவீர்கள்?’ என்று கேட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். விடையைச் சொல்லக் கூடாது. தானே ஒரு விடை எழுதியவர் அது சரியா என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பார். இதற்கு மூன்று நிமிடம்.

அடுத்த ஐந்து நிமிடம் அளவெடுப்பதற்கு. இங்கே எழுத்தைவிடப் படம் நன்றாகப் பேசும். முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய, கை இதய உயரத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் ஒரு படம்; வரிசையில் நின்று வந்த கையோடு, பேசிக்கொண்டே கையை நீட்டுபவர் இன்னொரு படம். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை விட்டுவிட்டால், “பதற்றத்தில் ஏறியிருக்கும், அடுத்த முறை பார்க்கலாம்” என்ற சமாதானத்துக்கு வழி திறந்தே இருக்கும். நம் நோயாளியை உட்காரவைத்து மறுபடி பார்க்கிறோம்: 152/94. இனிச் சாக்கு இல்லை.

நடு ஆறு நிமிடம்தான் உரையின் மையம். மருந்தை மாற்றுமுன் அவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மாத்திரையைத் தினமும் போடுகிறாரா? மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா? அந்த வலி மாத்திரைகளே அழுத்தத்தைக் கூட்டும். இவர் ஒழுங்காக மருந்து போடுகிறார், வலி மாத்திரை எதுவும் இல்லை. அப்படியானால் இன்றே அடுத்த படி. இந்தியாவில் 2017-இல் தொடங்கிய ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சி, எந்த அளவுக்கு எந்த மருந்து என்று எளிய படிகளாக வகுத்துத் தந்தது. படிகள் மாநிலத்துக்கு மாநிலம் சற்று வேறுபடும்; இவருக்கு டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் சேர்ப்பதாகக் கொள்வோம். முழு அட்டவணையையும் ஸ்லைடில் ஒட்டினால் கடைசி வரிசைக்கு எதுவும் தெரியாது. இவருக்குப் பொருந்தும் ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டினால் போதும். கர்ப்பிணிக்கு டெல்மிசார்டன் கூடாது என்ற எச்சரிக்கையும் அதே ஸ்லைடில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது, “அமெரிக்காவில் 130/80 என்கிறார்களே?” என்று கேட்பார். உரை திசைமாறுவது இப்படித்தான். “நம் நோயாளிகள் எல்லோரையும் முதலில் 140/90-க்குக் கீழே கொண்டுவருவோம்” என்று ஒரே வரியில் பதில் சொல்லி நகர வேண்டும்.

கடைசி ஸ்லைடில் மூன்று வரி. அளவு கூடியிருந்தால் உட்காரவைத்து மறுபடி பார். மறுபடியும் 140/90 அல்லது மேல் என்றால், இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டு மருந்தில் ஒரு படி ஏறு. ஒரு மாதத்தில் வரச்சொல். மூன்றுமே நாளைக்கே செய்யக்கூடியவை. ‘உப்பைக் குறைக்க வலியுறுத்துக’ என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் முதல் மூன்றும் நினைவில் மங்கும். இந்த மூன்று வரியை அரைத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் ஓ.பி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் தங்கும். இதற்கு இரண்டு நிமிடம், மீதி நான்கு நிமிடம் கேள்விகளுக்கு. மொத்தம் எட்டு ஸ்லைடுக்கு மேல் தேவைப்படாது.

உரை பலித்ததா என்பதைக் கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து, 140/90-க்குமேல் அளவு எழுதியிருக்கும் சீட்டுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் எத்தனையில் மருந்து மாறியிருக்கிறது என்ற எண்ணிக்கையை, உரைக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட வேண்டும். அதில் மாற்றம் தெரியவில்லை என்றால், அடுத்த உரைக்கு முன் மருந்தகத்தில் டெல்மிசார்டன் இருப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.