இலவசமாகக் கிடைக்கும் பழைய தமிழ் நூல்: நீங்களும் பகிரலாமா? நன்றி வரியில் என்ன இருக்க வேண்டும்?

ஹைதராபாத் குஷாய்குடாவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காகச் சின்னதாக ஒரு மின்னூல் பக்கம் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நூல் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. இணையத்தில் பிடிஎஃப் இருக்கு, இறக்கி, ஏற்றிட்டா வேலை முடிஞ்சுதே என்று தோன்றும். ஆனால் இணையத்தில் கிடைக்கிறது என்பதும், நீங்கள் பகிரலாம் என்பதும் ஒன்றல்ல.

இதற்கு உங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. இந்திய மின் நூலகம் என்ற பெரிய திட்டத்தில், ஹைதராபாத் ஐஐஐடி உட்படப் பல மையங்களில் பழைய நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்டன. உரிமைக்காலம் முடியாத நூல்களும் அதில் கலந்துவிட்டன. அந்தத் தளம் பின்னர் பதிப்புரிமைச் சிக்கலால் மூடப்பட்டது. அதன் பிரதிகள் இன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவில் in.ernet.dli.2015 என்று தொடங்கும் எண்களுடன் கிடைக்கின்றன. அந்த எண் ஸ்கேன் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்லும். அனுமதிச் சீட்டு அல்ல.

உரிமைக்காலத்தை எப்படிக் கணக்கிடுவது?

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். எனவே 2014 டிசம்பர் 31-உடன் அவருடைய எழுத்துக்கான உரிமைக்காலம் முடிந்தது. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு அவரது நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆக, கதையை நீங்கள் தாராளமாகப் பகிரலாம்.

அப்போ கையில் இருக்கும் ஸ்கேனை அப்படியே ஏற்றலாமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புத்தகத்துக்குள் கல்கி மட்டும் இல்லை. தொடராக வந்தபோது படம் வரைந்த மணியம் 1968-இல்தான் மறைந்தார். படங்களுக்கு அவர் காலத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 2028 முடியும்வரை அவை பொதுவுடைமை ஆகாது. அண்மைப் பதிப்பு என்றால் அதன் முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டைப்படம் எல்லாவற்றுக்கும் வேறு வேறு உரிமையாளர்கள் இருப்பார்கள். அதனால் ஸ்கேனின் முதல் நான்கைந்து பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். பதிப்பாண்டு, முன்னுரை எழுதியவர், ஓவியர் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். சந்தேகமான பகுதி இருந்தால், கதைப் பகுதியை மட்டும் எழுத்து வடிவில் தருவதே பாதுகாப்பு.

வாசிப்புப் பக்கம் எதற்கு?

ஸ்கேன் பிடிஎஃப் என்பது படங்களின் அடுக்கு. மெட்ரோவில் போனில் படிக்கணும்னா ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி நகர்த்த வேண்டும், தேடவும் முடியாது. அதனால் யூனிகோடு எழுத்தில் ஒரு பக்கமும், இபப் கோப்பும் சேர்த்துக் கொடுங்கள். எழுத்துணரி மென்பொருளில் எடுத்த உரையை அப்படியே நம்பாதீர்கள். 'ர'வும் துணைக்காலும் அதற்கு ஒன்றாகத் தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'னை', 'லை', 'றா' போன்றவை வேறு வடிவில் இருப்பதால், அங்கே பிழைகள் குவியும். அத்தியாயத்துக்கு ஒரு பக்கத்தை எடுத்து ஸ்கேனோடு ஒப்பிட்டால் உரையின் தரம் தெரிந்துவிடும்.

நன்றி வரியில் என்ன எழுதுவது?

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஸ்கேன் தந்தவர், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பது முகப்பிலேயே இருக்கும். அந்த முகப்பை நீக்காமல் வைத்தால் கோப்பை யாரும் பகிரலாம் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். பலர் முதலில் வெட்டி எறிவது அந்தப் பக்கத்தைத்தான்! உங்கள் பக்கத்தில் இப்படி எழுதலாம்:

> நூல்: பொன்னியின் செல்வன், முதல் பாகம். ஆசிரியர்: கல்கி (மறைவு 1954). மூலப் பதிப்பு: பதிப்பகம், ஆண்டு. ஸ்கேன்: தளத்தின் பெயர், நூல் எண். தட்டச்சு, மெய்ப்பு: பெயர்கள். உரிமை: எழுத்து பொதுவுடைமை; படங்கள் சேர்க்கப்படவில்லை. கடைசித் திருத்தம்: தேதி.

இதில் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. மறைந்த ஆண்டு இருந்தால் உரிமைக்காலத்தை எவரும் சரிபார்க்கலாம். பதிப்பும் எண்ணும் இருந்தால், ஒரு சொல் தவறாகப் பட்டதும் மூலப் பக்கத்துக்கே போய்ப் பார்க்கலாம். 'நன்றி: இணையம்' என்று போட்டால் இரண்டுமே முடியாது.

இந்த வரியை இணையப் பக்கத்தில் மட்டும் வைக்காமல், இறக்கும் கோப்பின் முதல் பக்கத்திலும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறும்போது இணைப்பு உதிர்ந்துவிடும், கோப்பு மட்டும்தான் பயணிக்கும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: நன்றி வரி அனுமதிக்கு மாற்று அல்ல. உரிமைக்காலம் முடியாத நூலுக்கு எவ்வளவு விரிவாக நன்றி சொன்னாலும், அது மீறல்தான்.