ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்

நண்பர் ஒருவர் பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸை ஆசையாக வாங்கி வந்தார். சோவியத் காலத்து செனித் கேமராக்களோடு வந்த 58 மி.மீ. லென்ஸ் அது. பின்புலத்தைச் சுழல்போலக் கலங்கடிக்கும் என்பதால் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அதைத் தன் நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் மெல்லிய வளையம் ஒன்றின் உதவியோடு மாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் முகம் துல்லியமாக விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த மரமோ, என்ன திருகினாலும் தெளியவில்லை. "லென்ஸ் போச்சு சார்" என்றார். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. தடுத்தது ஒரு மில்லிமீட்டர்தான்.

லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்துக்கும் உள்ளே இருக்கும் ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபிளாஞ்ச் தூரம் என்பார்கள். கேமரா வகைக்கு வகை இது மாறும். ஹீலியோஸின் மவுண்ட் எம்42 என்ற திருகு வகை, அதற்கு 45.46 மி.மீ. வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டிலோ 46.5 மி.மீ. ஆக, வளையம் துளிகூடத் தடிமன் இல்லாமல் இருந்தாலும் லென்ஸ் 1.04 மி.மீ. தள்ளித்தான் நிற்கும்.

பக்கத்தில் உள்ளதைப் படமெடுக்க லென்ஸ் சென்சாரை விட்டு விலக வேண்டும். தொலைவில் உள்ளதற்கு நெருங்க வேண்டும். நண்பரின் லென்ஸால் போதுமான அளவு நெருங்க முடியவில்லை. எவ்வளவு தொலைவு வரை தெளியும் என்பதைச் சுமாராகக் கணக்கிடலாம்: 58-ஐ 58-ஆல் பெருக்கி, 1.04-ஆல் வகுத்தால் 3235 மி.மீ. அதாவது மூன்றேகால் மீட்டர். அவர் வீட்டு ஹாலின் நீளம் அவ்வளவுதான்! நடுவே கண்ணாடி வைத்த அடாப்டர்கள் இதைச் சரிசெய்யும் என்று விற்கிறார்கள். உண்மைதான், ஆனால் மலிவான கண்ணாடி படத்தின் கூர்மையைக் குலைத்துவிடும். நான் வாங்கமாட்டேன்.

மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஆடி நிற்க இடம் வேண்டியதில்லை என்பதால் தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. சோனி இ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16. சோனிக்கு 45.46-இலிருந்து 18-ஐக் கழித்தால் 27.46 மி.மீ.; அந்த உயரத்தில் ஓர் உலோகக் குழாய் போதும், கண்ணாடியே வேண்டாம். லென்ஸ் கேட்கும் தூரம் கேமராவின் தூரத்தைவிட அதிகமாக, நடுவே குழாய்க்கு இடம் விட்டு இருக்க வேண்டும். வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் கணக்கு இதுதான்.

மேலே சொன்ன வகுத்தலை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அடாப்டர் 0.1 மி.மீ. உயரமாகிவிட்டால், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, 34 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. அதனால்தான் பலர் அடாப்டரை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது லென்ஸில் பொறித்த தூரக் குறிகள் சற்றே பிசகும், படத்துக்குப் பாதகமில்லை.

திருகு பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய செனித் லென்ஸ்கள் சிலவற்றில் 39 மி.மீ. திருகு இருக்கும். சோர்க்கி, ஃபெட் போன்ற கேமராக்களின் லென்ஸ்களிலும் அதே 39. ஆனால் செனித்துக்கு 45.2 மி.மீ. தூரம், சோர்க்கிக்கு 28.8. சோர்க்கி அடாப்டரில் செனித் லென்ஸ் அழகாகத் திருகிக்கொள்ளும். எந்தத் தூரத்திலும் தெளியாது.

அப்பர்ச்சரையும் பார்த்துவிடுங்கள். லென்ஸிலேயே அதற்கான வளையம் வேண்டும். இல்லாத நவீன லென்ஸைச் சாதாரண குழாயில் மாட்டினால் துளையை மாற்ற வழியிருக்காது. எம்42 லென்ஸ்கள் பலவற்றின் பின்புறம் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அடாப்டருக்குள் அதை அழுத்தும் விளிம்பு இல்லையென்றால், வளையத்தைத் திருப்பினாலும் இதழ்கள் மூடாது. ஹீலியோஸ் 44-2-இல் அந்த ஊசி கிடையாது, கவலையில்லை.

கடையில் லென்ஸைக் கையில் எடுத்ததும், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது சகஜம். இரண்டொரு தூசு இருந்தால் பரவாயில்லை. இதழ்களில் எண்ணெய் மினுங்கினாலோ, ஃபோக்கஸ் வளையம் சிக்கிச் சிக்கி நகர்ந்தாலோ, பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.

சோனியில் மாட்டியும் ஷட்டர் அசையவில்லை என்றால் பதற வேண்டாம். லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது; மெனுவில் Release w/o Lens என்பதை Enable ஆக்குங்கள். கேமராவுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால் 58 என்ற எண்ணையும் நீங்களே கொடுக்க வேண்டும்.

அன்றிரவே நிலாவைக் குறிவைத்துப் பாருங்கள். வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் விளிம்பு கூர்மையாகவில்லை என்றால், லென்ஸைக் குறைசொல்லுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.