பில்லில் கழிந்த தாமத அபராதம்: மூன்று எண்களைச் சரிபாருங்கள்

மாதக் கடைசியில் வரும் பேமென்ட் அட்வைஸில் பில் தொகைக்குக் கீழே ‘எல்.டி.’ என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு கழித்தல் குறி. சரக்கு தாமதமாக வந்ததற்காக வாங்கியவர் பிடித்துக்கொண்ட இழப்பீடு அது. சிறு பட்டறை நடத்துகிறவர்கள் பலர், “தாமதம் ஆனது நிஜம்தானே” என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். தாமதம் நிஜமாகவே இருக்கட்டும். அதற்குப் பிடித்த தொகை சரியா என்பது வேறு கேள்வி.

கோவையில் வால்வு பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து 400 உருப்படிகளுக்கு ஆர்டர். ஒன்று 3,000 ரூபாய். மொத்தம் 12 லட்சம். அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்துப் பில் தொகை 14,16,000. ஆர்டர் தேதி ஜனவரி 6. நிறுவனம் டிராயிங்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது ஜனவரி 27. முதல் தவணையாக 250 உருப்படிகள் மார்ச் 22-லும், மீதி 150 ஏப்ரல் 12-லும் நிறுவனத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. பிடித்த தொகை 49,560 ரூபாய்.

போனில் கேட்டால் அக்கவுன்ட்ஸ்காரர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “சிஸ்டமே கழிச்சிடும் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல.” அவர் சொல்வதில் பொய் இல்லை. பல பெரிய நிறுவனங்களில் ஆர்டர் போடும் அன்றே ஒரு டெலிவரி தேதியைக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். சரக்கு வந்து, சோதனை முடிந்து, ஸ்டோர்ஸில் வரவு வைக்கும் நாள் இன்னொரு தேதியாகப் பதிவாகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களை எண்ணிச் சதவீதத்தால் பெருக்கினால் அபராதம் தயார். இடையில் டிராயிங் மூன்று வாரம் அவர்கள் மேஜையிலேயே கிடந்தது கணினிக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர் ஆர்டர் போட்ட பர்சேஸ் அதிகாரி. அதனால் மறுப்புக் கடிதம் போக வேண்டியதும் அவருக்குத்தான். அக்கவுன்ட்ஸுக்கு ஒரு நகல் போதும்.

எழுதுவதற்கு முன் ஆர்டரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும். நம் உதாரணத்தில் நிபந்தனை இப்படி: டிராயிங் ஒப்புதலிலிருந்து 8 வாரத்துக்குள் சரக்கு வாங்குபவரின் இடத்தில் சேர வேண்டும், தாமதமானால், வாரத்துக்கு அல்லது அதன் பகுதிக்கு, வந்து சேராத சரக்கின் அடிப்படை விலையில் 0.5%, உச்சவரம்பு 5%. இதில் நாம் தேடுவது மூன்றே எண்கள். நாள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, சதவீதம் எந்தத் தொகையின்மேல்.

தொடக்கம்: நிறுவனம் ஜனவரி 6-லிருந்து எட்டு வாரம் எண்ணி, கெடு மார்ச் 3 என்று வைத்திருக்கிறது. நிபந்தனைப்படி ஜனவரி 27-லிருந்து எண்ண வேண்டும்; கெடு மார்ச் 24. முதல் 250 உருப்படிகள் கெடுவுக்கு முன்பே போய்விட்டன.

முடிவு: நிறுவனம் எடுத்துக்கொண்டது ஸ்டோர்ஸ் வரவு வைத்த ஏப்ரல் 21. சரக்கு வாசலைத் தொட்டது ஏப்ரல் 12. இடைப்பட்ட ஒன்பது நாள் அவர்களுடைய சோதனைக்கு ஆனது. இதை நிரூபிக்க டெலிவரி சலானில் கேட்டில் குத்திய முத்திரையும் தேதியும் வேண்டும். டிரைவர் அந்த நகலை வாங்காமல் வந்துவிட்டால் இந்த வாதம் பாதி செத்தது. லாரி வாடகையில் பேரம் பேசுகிற அளவு கவனத்தை இந்தச் சின்னக் காகிதத்துக்கு யாரும் கொடுப்பதில்லை.

தொகை: நிறுவனம் மார்ச் 3 முதல் ஏப்ரல் 21 வரை ஏழு வாரம் எண்ணி, ஜி.எஸ்.டி. சேர்ந்த முழு 14,16,000-க்கும் 3.5% போட்டிருக்கிறது. நிபந்தனை சொல்வது, சேராத சரக்கின் அடிப்படை விலை. 150 உருப்படிகளுக்கு அது 4,50,000. வரியோ அரசுக்குப் போகிற பணம். அதற்கும் சேர்த்து அபராதம் போட இந்த நிபந்தனையில் இடமில்லை. ஆனால் எல்லா ஆர்டரும் இப்படி இருக்காது. ஒரு பாகம் வராவிட்டால் மொத்த இயந்திரமும் ஓடாது என்கிற வகை ஆர்டர்களில், முழு ஒப்பந்த மதிப்பின்மேல் என்றே எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் இந்த வாதத்தை எடுக்க வேண்டாம்.

இப்போது நம் கணக்கு. மார்ச் 24-லிருந்து ஏப்ரல் 12 வரை 19 நாள். முழு வாரம் இரண்டுதான் என்றாலும், ‘அதன் பகுதிக்கு’ என்று இருப்பதால் மூன்று வாரம். 4,50,000-க்கு 1.5% என்றால் 6,750 ரூபாய். திரும்பி வர வேண்டியது 42,810.

அந்த 6,750-ஐ முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. மின்வெட்டு, ஆள் பற்றாக்குறை என்று காரணம் அடுக்கினால் கடிதம் கெஞ்சலாகிவிடும். பர்சேஸ் அதிகாரிக்கும் மேலிடத்துக்குக் குறிப்பு எழுத ஒன்றும் கிடைக்காது. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருந்தால் போதும்:

“தங்கள் ஆர்டரில் 150 உருப்படிகள் மூன்று வாரத் தாமதமாக வந்ததை ஏற்கிறோம். தாமத நிபந்தனைப்படி அதற்கான தொகை 6,750 ரூபாய். தாங்கள் பிடித்தது 49,560. வித்தியாசத்துக்குக் காரணம், டிராயிங் ஒப்புதல் தேதி, கேட் வரவுத் தேதி, சேராத சரக்கின் அடிப்படை விலை ஆகிய மூன்றும் கணக்கில் வராததே. ஒப்புதல் முத்திரையிட்ட டிராயிங், இரண்டு டெலிவரி சலான்கள், கணக்குத் தாள் இணைத்துள்ளோம். மீதி 42,810 ரூபாயை 15 நாளுக்குள் விடுவிக்கக் கோருகிறோம். வந்த தொகையைக் கணக்கில் ஒரு பகுதி வரவாக மட்டுமே ஏற்கிறோம்.”

சட்டத்தை முதல் கடிதத்தில் இழுக்க வேண்டாம் என்பது என் கட்சி. பிரிவு எண்ணைப் பார்த்ததும் அது லீகல் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்விடும். அங்கே போனால் மாதக்கணக்கில் தூங்கும். பதில் வராதபோது கையில் இருக்க வேண்டியவை இரண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய அபராதம் உச்ச அளவுதான்; கிடைக்கக்கூடியது அதற்குள் நியாயமான இழப்பீடு. இழப்பை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதிய தொகை இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடு என்றும், இழப்பை அளப்பது கடினம் என்றும் வாங்குபவர் காட்டினால் நிலைமை மாறும். அதனால் இதை மட்டும் நம்பி, ஒப்புக்கொண்ட 6,750-க்கும் சேர்த்துச் சண்டை போடுவது வீண்.

இன்னொன்று, உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கானது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், நிலுவைக்காக வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். வர வேண்டிய தொகைதான் என்று முடிவானால், வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். அடுத்த ஆர்டர் இதே நிறுவனத்திடமிருந்து வர வேண்டும் என்றால் 42,810-க்காக அங்கே போவதா என்பதை முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டறையின் அக்கவுன்டன்ட் கவனிக்க வேண்டியதும் உண்டு. பிடித்த தொகைக்கு ஜி.எஸ்.டி. குறைத்துக் கிரெடிட் நோட் போடச் சொன்னால் சட்டென்று போட்டுவிடக் கூடாது. அது விலையைக் குறைத்ததாக நாமே எழுதிக் கொடுப்பது போல ஆகிவிடும். அபராதத்தின்மேல் 18% ஜி.எஸ்.டி. கூட்டி டெபிட் நோட் அனுப்பினால், இத்தகைய இழப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று விளக்கும் 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சுற்றறிக்கையைக் காட்டலாம். அதன் எண் 178.

மார்ச் மாதம் வாங்கியவரிடமிருந்து நிலுவை உறுதிக் கடிதம் ஒன்று வரும். அதில் பாக்கி பூஜ்யம் என்று அச்சாகியிருக்கும். அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அதுவரை எழுதிய கடிதங்களுக்கு எதிராக நம் கையெழுத்தே நிற்கும். “எங்கள் கணக்குப்படி 42,810 ரூபாய் நிலுவை; தாமதக் கழிவு பற்றிய எங்கள் கடிதம் பார்க்க” என்று பேனாவால் எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.