பேக்கிங் பாத்திரத்தின் பழுப்புக் கறை

சீஸ் தூவிய மக்ரோனியை ஓவனில் சுட்டெடுத்த கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவும்போது இரண்டு விதமான கறைகள் தெரியும். உள்ளே, மூலைகளில் கருகி ஒட்டிக்கொண்ட உணவு ஒன்று. விளிம்பிலும் கைப்பிடியிலும் அடிப்புறத்திலும் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறம் வரை படிந்திருக்கும் மெல்லிய படலம் இன்னொன்று. முதலாவது ஊறினால் போய்விடும். இரண்டாவதுதான் பல வீடுகளில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதால் வரும் வினை அது.

விரலால் தடவினாலே எது எதுவென்று தெரியும். சொரசொரப்பாக, மேடாக இருந்தால் கருகிய உணவு. வழவழப்பாக, கண்ணாடியின் பாகமே போலத் தோன்றினால் அது எண்ணெய்ப் படலம்.

கருகிய உணவில் இருப்பது மாவுப்பொருளும் பாலின் புரதமும் சர்க்கரையும். பாத்திரம் நன்றாக ஆறிய பிறகு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கி உணவு ஊறிப் பருத்துவிடும். மரக் கரண்டியாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ தள்ளினால் பெயர்ந்து வரும். அதற்கும் மசியாவிட்டால், டிஷ்வாஷர் பவுடர் ஒரு ஸ்பூன் கலந்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறட்டும். அந்தப் பவுடர்கள் பலவற்றில் மாவையும் புரதத்தையும் சிதைக்கும் என்சைம்கள் இருக்கின்றன. ஆறுவதற்கு முன் குளிர்ந்த நீரில் மட்டும் காட்டக் கூடாது. சூடான கண்ணாடி அங்கேயே விரிசல் விடலாம்.

இனி அந்தப் பழுப்புப் படலம். தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறோம் அல்லவா? அங்கே நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான பிசினாக மாறிவிடுகிறது. மாறியபின் அது எண்ணெய் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு திரவ எண்ணெயைப் பிடித்து இழுக்கும். பின்னிப்போன பிசினை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு நுரை வந்தாலும் கறை அசையாததற்குக் காரணம் இதுதான்.

உள்ளே உணவு இருந்த இடம் தெளிவாக இருக்க, விளிம்பும் கைப்பிடியும் மட்டும் ஏன் பழுக்கின்றன என்பதும் இதிலேயே விளங்கும். உணவில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும். விளிம்பில் தெறித்த எண்ணெய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓவனின் 180, 200 டிகிரி சூட்டை அது நேரடியாக வாங்குகிறது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். தேங்காய் எண்ணெயும் நெய்யும் மெதுவாகத்தான் மாறும்.

இந்தப் பிசினை உடைப்பது காரம். வீட்டில் பாதுகாப்பாகக் கையாளக்கூடியவற்றில் எனக்கு நம்பிக்கையானது வாஷிங் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். ஆப்பசோடா அதைவிடப் பலமடங்கு மென்மையான காரம். அதைக் குழைத்துத் தேய்த்தால் கீறாமல் உரசும், இன்னும் பிசுபிசுவென்று இருக்கும் புதுக் கறையை எடுக்கும். இறுகிய பழுப்புக்கு அது போதாது.

வாஷிங் சோடா கிடைக்காவிட்டால் ஆப்பசோடாவிலிருந்தே செய்துகொள்ளலாம். எவர்சில்வர் தட்டில் 100 கிராம் பரப்பி 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, மிஞ்சுவது வாஷிங் சோடா. எடை ஏறக்குறைய 63 கிராமுக்கு இறங்கியிருந்தால் முழுக்க மாறிவிட்டது என்று பொருள். இன்னும் அதிகமாக இருந்தால் கிளறிவிட்டு மேலும் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் சூடான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா என்ற அளவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கரையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரித்துவிடும். கைக்கு ரப்பர் உறை அவசியம். கறை வெளிப்புறத்தில் இருப்பதால், பாத்திரத்துக்குள் கரைசலை ஊற்றி வைப்பதில் பயனில்லை. கைப்பிடியும் விளிம்பும் மூழ்கும்படி மொத்தப் பாத்திரத்தையும் அமிழ்த்த வேண்டும். அத்தனை பெரிய தொட்டி இல்லையென்றால், கரைசலில் நனைத்த பழைய துணியைக் கறைமேல் சுற்றி, காயாமல் இருக்க பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஓர் இரவு போதும். காலையில் படலம் மங்கி, ஓரங்களில் உரிய ஆரம்பித்திருக்கும். நைலான் நாரில் ஆப்பசோடா தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும். பழைய, கறுத்த கறைக்கு இன்னும் இரண்டொரு இரவு தேவைப்படலாம். அலசியபின் வெண்மையாக ஏதாவது தெரிந்தால் கொஞ்சம் வினிகர் போட்டுத் துடைத்தால் சரியாகும்.

வினிகரையும் ஆப்பசோடாவையும் சேர்த்துப் பொங்கவிடும் முறை எங்கு பார்த்தாலும் சிபாரிசு செய்யப்படுகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது உப்புக் கலந்த தண்ணீர்தான், நமக்கு வேண்டிய காரம் அதில் இல்லை. வினிகருக்கும் வேலை உண்டு, ஆனால் அது தனியாக, உப்புநீர் விட்ட வெள்ளைப் படிவத்தின் மேல். வினிகர் தடவியும் அந்த மங்கல் போகவில்லையென்றால், கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. அதனால்தான் காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரை நான் கடைசி வழியாகக்கூடத் தயங்கித்தான் சொல்வேன். கறையை வேகமாகக் கரைக்கும். அடிக்கடி போட்டால் கண்ணாடியையும் மங்கவைக்கும், தோலில் பட்டால் புண்ணாக்கும்.

பீங்கான் பாத்திரத்தின் மேற்பூச்சும் ஒருவகைக் கண்ணாடியே என்பதால் இதே முறை பொருந்தும். அடியில் பூச்சில்லாமல் இருக்கும் வளையம் மட்டும் எண்ணெயை உறிஞ்சிப் பழுத்திருக்கும். அதைத் துரத்த வேண்டாம், அதனால் தீங்கில்லை. பென்சில் கோடு போலச் சாம்பல் நிறத்தில் தெரிபவை கீறல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவை கத்தியும் கரண்டியும் விட்டுப்போன உலோகத் தடங்கள். ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த துப்புரவுப் பவுடரைக் குழைத்து ஒரு நிமிடம் மென்மையாகத் தேய்த்து, நன்றாக அலசினால் மறைந்துவிடும்.

கறை வராமல் தடுக்க ஒரே ஒரு பழக்கம் போதும். ஓவனுக்குள் தள்ளுமுன் விளிம்பையும் கைப்பிடியையும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். எண்ணெயை உணவு நிற்கும் உயரத்துக்கு மேல் பூசாதீர்கள்.

கம்பி நாரும் மணல் கலந்த பவுடரும் இந்தப் பாத்திரங்களுக்கு ஆகாது. பழுப்பு இருந்தாலும் உணவு கெடாது, பாத்திரமும் உடையாது. கீறல் அப்படியல்ல, கண்ணாடி உடையும்போது பெரும்பாலும் கீறலிலிருந்துதான் உடையத் தொடங்குகிறது. நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்படும் கீறலோ விளிம்பில் சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால், அந்தப் பாத்திரத்தை இனி ஓவனில் வைக்காதீர்கள்.