லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

ஒரு தொழிற்சாலை மூலப்பொருளுக்குக் கொடுத்த பணம், விற்ற பொருளுக்கான வசூலாகத் திரும்பி வரும்வரை எடுத்துக்கொள்ளும் காலமே நடைமுறை மூலதனச் சுழற்சி. இந்தக் காலம் முழுவதும் பணம் ஏதாவது ஒரு வடிவத்தில் முடங்கிக் கிடக்கிறது. முதலில் கிடங்கில் மூலப்பொருளாக இருக்கும். பிறகு பட்டறையில் பாதி முடிந்த பொருளாகவும், கடைசியில் வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாகவும் மாறும். சப்ளையர் தவணை கொடுத்திருந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் பாரம் அவர் தலையில் இருக்கும். மீதி நாட்களுக்கு நிறுவனம் தன் கைப்பணத்தையோ வங்கியின் சி.சி. கடனையோ போட்டாக வேண்டும்.

சுழற்சியை மூன்று எண்களால் அளக்கிறார்கள். கையிலுள்ள சரக்கின் மதிப்பை, விற்ற பொருளுக்கு ஒரு நாளைக்கு ஆகும் அடக்கச் செலவால் வகுத்தால் சரக்கு நாட்கள் கிடைக்கும். வரவேண்டிய பாக்கியை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் வசூல் நாட்கள். சப்ளையர்களுக்குத் தர வேண்டியதை ஒரு நாள் கொள்முதலால் வகுத்தால் தவணை நாட்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் சுழற்சியின் நீளம் தெரிந்துவிடும். தேவையான தொகைகள் எல்லாம் ஆண்டறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பிலும் லாப நட்டக் கணக்கிலுமே இருக்கின்றன.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றை உதாரணத்துக்குக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்டு விற்பனை 36.5 கோடி ரூபாய். அதாவது நாளுக்கு 10 லட்சம். பொருளின் அடக்கம் நாளுக்கு 8 லட்சம், கொள்முதல் 6 லட்சம். ஆண்டு முடிவில் வார்ப்பு, செப்புக் கம்பி, ஸ்டாம்பிங் தகடு, பெட்டியில் அடைத்த பம்புகள் என எல்லாம் சேர்த்து 4.8 கோடிக்குச் சரக்கு இருக்கிறது. டீலர்கள் தர வேண்டியது 7.5 கோடி. சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியது 2.7 கோடி. ஆக, சரக்கு 60 நாள், வசூல் 75 நாள், தவணை 45 நாள். சுழற்சி 90 நாள். தொழிலில் முடங்கியிருக்கும் தொகை 9.6 கோடி.

அடுத்த ஆண்டு விற்பனை 20 சதவீதம் கூடி 43.8 கோடியாகிறது. லாபம் 3.5 கோடி. அறிக்கையின் முதல் பக்கம் இதைத்தான் பெரிய எழுத்தில் சொல்லும். ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் சரக்கு 8.16 கோடி, டீலர் பாக்கி 12 கோடி, சப்ளையர் பாக்கி 4.32 கோடி. நாட்களாக மாற்றினால் சரக்கு 85, வசூல் 100, தவணை 60. சுழற்சி 125 நாள். முடங்கிய தொகை 15.84 கோடியாகிவிட்டது, ஒரே ஆண்டில் 6.24 கோடி அதிகம். லாபமாக வந்த 3.5 கோடியும் அதற்குள் போய், மேலும் 2.7 கோடிக்கு மேல் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இதில் வளர்ச்சியின் பங்கு எவ்வளவு, தளர்ச்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். வேகம் மாறாமல் 90 நாளிலேயே சுழன்றிருந்தால், 20 சதவீத வளர்ச்சிக்கு 1.92 கோடி மட்டுமே கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். மீதி 4.3 கோடி ரூபாய், சரக்கு நகராததாலும் பாக்கி வராததாலும் மாட்டிக்கொண்டது. வளரும் நிறுவனத்துக்குப் பணம் தேவைப்படத்தான் செய்யும் என்ற சமாதானம் இந்த 4.3 கோடிக்குச் செல்லாது.

சரக்கு நாட்கள் கூடியிருந்தால் எந்தச் சரக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. இந்திய நிறுவனங்கள் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் மூலப்பொருள், உற்பத்தியில் உள்ளது, முடிந்த பொருள் என்று சரக்கைப் பிரித்துக் காட்டுகின்றன. மூலப்பொருள் மட்டும் கூடியிருந்தால் அது திட்டமிட்ட கொள்முதலாக இருக்கலாம். பருத்தி வரத்து அக்டோபரில் தொடங்கிச் சில மாதங்களில் அடங்கிவிடுவதால், நூற்பாலைகள் சீசனில் பல மாதத் தேவைக்குப் பஞ்சு வாங்கிப் போடுவது வழக்கம். மார்ச் 31 அன்று அவற்றின் கிடங்கு நிறைந்திருப்பதில் வியப்பில்லை. உற்பத்தியில் உள்ளது கூடினால் பட்டறையில் எங்கோ அடைப்பு. ஏதோ ஒரு பாகம் வராமல் நூறு பம்புகள் அரைகுறையாக நிற்கலாம். முடிந்த பொருள் குவிந்து மூலப்பொருள் குறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சந்தை வாங்கவில்லை, கொள்முதல் பிரிவுக்கு அது தெரிந்து ஆர்டரையும் குறைத்துவிட்டது என்று பொருள்.

சரக்கு குவிவதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விளைவும் உண்டு. தொழிற்சாலையின் வாடகை, தேய்மானம், மேற்பார்வைச் சம்பளம் ஆகியவை செய்த எல்லாப் பொருட்களின் மீதும் பகிரப்படுகின்றன. விற்பதைவிட அதிகமாகச் செய்தால், அந்தச் செலவில் ஒரு பகுதி லாப நட்டக் கணக்குக்கு வராமல் கிடங்கில் நிற்கும் பொருளின் மதிப்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆண்டு லாபம் சற்றே அழகாகத் தெரியும். பொருளைத் தள்ளுபடியில் விற்கும் ஆண்டில்தான் அது அடியாக விழும்.

வசூல் நாட்கள் கூடுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வாடிக்கையாளர் பணத்துக்குத் திண்டாடுகிறார். அல்லது விற்பனையைத் தக்கவைக்க நிறுவனமே தவணையை நீட்டியிருக்கிறது. அல்லது ஆண்டு முடிவதற்குள் டீலர் கேட்காத சரக்கும் அவர் கடையில் இறக்கப்பட்டிருக்கிறது. எது என்று அறிய, பாக்கிகளை வயது வாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை உதவும். 2021 முதல் நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்டது, ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடத்தைத் தாண்டியது எனத் தனித்தனியே எவ்வளவு என்று அதில் இருக்கும். பழைய பாக்கி கூடிக்கொண்டே போய், வாராக்கடனுக்கு ஒதுக்கிய தொகை மட்டும் அப்படியே நின்றால், நஷ்டம் இன்னும் கணக்குக்கு வரவில்லை என்று கொள்ளலாம்.

இந்த எண்கள் முன்கூட்டியே எதைச் சொல்லும் என்பதற்குப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் சன்பீம். மின்சார வீட்டுச் சாதனங்களும் தோட்டத்தில் வைத்து இறைச்சி சுடும் கேஸ் கிரில் அடுப்புகளும் செய்த நிறுவனம் அது. 1996 ஜூலையில் ஆல் டன்லப் தலைமைப் பொறுப்பேற்றார். ஆட்களைக் கூண்டோடு வெட்டுவதில் பெயர் வாங்கியவர். ‘செயின்சா ஆல்’ என்பது பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டம். 1997-இல் விற்பனை 98.4 கோடி டாலரிலிருந்து 116.8 கோடி டாலராக உயர்ந்தது. நிகர லாபம் 10.9 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். பங்கு விலை பறந்தது.

அதே அறிக்கையில் வரவேண்டிய பாக்கி சுமார் 21.3 கோடியிலிருந்து 29.5 கோடி டாலராக ஏறியிருந்தது. வசூல் நாட்கள் 79-லிருந்து 92. சரக்கோ 16.2 கோடியிலிருந்து 25.6 கோடி. விற்பனை 19 சதவீதம் வளர, சரக்கு 58 சதவீதம் வளர்ந்திருக்கிறது. அவ்வளவு லாபம் சொன்ன ஆண்டில், தொழில் நடவடிக்கைகளிலிருந்து பணம் வரவில்லை. சுமார் 80 லட்சம் டாலர் வெளியேதான் போயிருந்தது.

நடந்தது இதுதான். கிரில் அடுப்பு கோடைக்காலத்தில் விற்கும் பொருள். அதை நவம்பர், டிசம்பர் குளிரிலேயே கடைகளுக்கு ‘விற்றார்கள்’. தள்ளுபடி தருகிறோம், பணம் பல மாதம் கழித்துத் தாருங்கள், பொருளைக்கூட இப்போது எடுக்க வேண்டாம், வேறொருவர் கிடங்கில் வைத்திருக்கிறோம் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டு வர வேண்டிய விற்பனை இந்த ஆண்டுக் கணக்கில் ஏறியது. இப்படிச் சரக்கைப் புத்தகத்திலிருந்து வெளியே தள்ளியும்கூட மீதிச் சரக்கு 58 சதவீதம் கூடியிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. செய்து குவித்த வேகத்துக்கு, போலி விற்பனையாலும் ஈடுகொடுக்க முடியவில்லை.

வசூல் நாட்களிலும் ஒரு மறைப்பு இருந்தது. ஆண்டு முடிவதற்குச் சற்று முன் சுமார் 6 கோடி டாலர் பாக்கியை நிதி நிறுவனத்துக்கு விற்றுப் பணமாக்கியிருந்தார்கள். அதைத் திரும்பச் சேர்த்துக் கணக்கிட்டால் வசூல் நாட்கள் 92 அல்ல, 110-ஐத் தொடும். அறிக்கையின் குறிப்புகளைப் படித்தவர்களுக்கே இது பிடிபடும். 1998 ஏப்ரலில் பெயின்வெபர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷோர் அந்தப் பங்கின் தரத்தைக் குறைத்தார். அவர் ஏற்கெனவே பாக்கியும் சரக்கும் குவிவதைக் கவனித்துக்கொண்டிருந்தவர். கடைகளின் அலமாரி நிறைந்திருக்க, அந்தக் காலாண்டில் புதிய ஆர்டர் வரவில்லை. ஜூன் மாதம் இயக்குநர் குழு டன்லப்பை நீக்கியது. திருத்திய கணக்கில் 1997-இன் நிகர லாபம் 3.8 கோடி டாலராகச் சுருங்கியது. 2001 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

நம்மூரிலும் பாக்கியை வங்கிக்கு விற்றுப் பணமாக்கும் பில் டிஸ்கவுன்டிங் சாதாரண நடைமுறை. அதில் தவறேதும் இல்லை. ஆனால் வாங்கியவர் பணம் தராவிட்டால் நிறுவனமே தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அந்தத் தொகையைப் பாக்கியோடு சேர்த்துத்தான் வசூல் நாட்களைப் பார்க்க வேண்டும்.

சுழற்சி சுருங்கிவிட்டது என்பதும் எப்போதும் நல்ல செய்தியல்ல. சரக்கும் வசூலும் அப்படியே இருக்க, சப்ளையருக்குப் பணம் தராமல் இழுத்தே 30 நாளைக் குறைத்துவிடலாம். உதாரண பம்ப் நிறுவனம் தவணையை 45-லிருந்து 60 ஆக்கியதும் அந்த வகைதான். இல்லாவிட்டால் சுழற்சி 140 நாளுக்குப் போயிருக்கும். சப்ளையர் பதிவு பெற்ற குறு, சிறு தொழில் நிறுவனமாக இருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக்குச் செலவாகக் கழிக்க முடியும் என்றும் ஆனது. இழுத்தடிப்பது இப்போது வரியிலும் கடிக்கிறது.

இவை ஒரே நாளில் எடுத்த எண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பம்ப் விற்பனை கோடையை ஒட்டி ஜனவரி முதல் சூடுபிடிக்கும் என்றால், மார்ச் 31 அன்று டீலர் பாக்கி இயல்பாகவே உச்சத்தில் இருக்கும். அதை ஆண்டு முழுவதற்குமான சராசரி விற்பனையால் வகுத்தால் வசூல் நாட்கள் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். கடைசிக் காலாண்டு விற்பனையால் வகுப்பது பொருத்தம். சன்பீம் போலக் கடைசியில் தள்ளிய விற்பனையா, உண்மையான சீசனா என்ற ஐயம் அப்போதும் எஞ்சும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் செப்டம்பர் இறுதிக்கும் இருப்புநிலைக் குறிப்பு வெளியிடுகின்றன. சீசன் விற்பனையாக இருந்தால் அதற்குள் டீலர் பாக்கி வடிந்து பணமாகியிருக்கும். வடியாமல் அப்படியே நின்றாலோ, விற்ற சரக்கு திரும்பி வந்து முடிந்த பொருள் கணக்கில் ஏறியிருந்தாலோ, மார்ச் மாத விற்பனை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.